180 நாள் தாண்டிய பில்: போன இன்புட் திரும்பி வருமா?

ஆம்பூரில் காலணி தைக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றின் கணக்கைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். உரிமையாளர் என்னைவிட மூத்தவர், நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். போன நவம்பரில் ராணிப்பேட்டை வியாபாரியின் பில் ஒன்றை மேசைமேல் வைத்து, "தம்பி, ஆறு மாதம் தாண்டிவிட்டதாம். இந்த இன்புட் இனி நமக்கு இல்லையாமே?" என்று கேட்டார். அதே வாரத்தில் வேலூர் மண்டித் தெருவில் கடை வைத்திருக்கும் இன்னொருவர் நேர்மாறாகச் சொன்னார்: "எப்படியும் பணம் கொடுத்துவிடப் போகிறேன், நடுவில் எதற்காக இன்புட்டை விட்டுத் தர வேண்டும்?"

இரண்டுமே தவறு. பழைய வட ஆற்காடு முழுவதும், தோல், லுங்கி, பட்டு எந்தத் தொழிலானாலும், சரக்கைக் கடனில் வாங்கிப் பிறகு பணம் கொடுப்பதே வழக்கம். பில் போட்ட 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், இன்புட்டை, அதாவது அந்த பில்லின் ஜிஎஸ்டிக்காக எடுத்த கழிவை, விட்டுத் தரவேண்டும் என்கிறது ஜிஎஸ்டி. அதனால் இந்த விதி ஏறக்குறைய எல்லோரையும் ஒருநாள் தொடும். ஆனால் பேச்சில் அது உருமாறிப் போகிறது. இன்புட் ஒரேயடியாகப் பறிபோகிறது என்று ஒரு சாரார் பயப்படுகிறார்கள், கண்டுகொள்ளத் தேவையில்லை என்று இன்னொரு சாரார் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த இன்புட் தற்காலிகமாக வெளியே போய், பணம் கொடுத்ததும் உள்ளே வருகிறது. போகும்போதும் வரும்போதும் ஜிஎஸ்டி படிவத்தின் சரியான கட்டத்தில் எழுதாவிட்டால்தான் அது நிஜமாகவே தொலைகிறது.

வாடகைக் கார் கணக்கு

நீங்கள் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறீர்கள். அலுவலக வேலையாக வேலூரிலிருந்து சென்னைக்கு வாடகைக் காரில் போய் வருகிறீர்கள். கார்க்காரர் தெரிந்தவர். "பணத்தை மெதுவாகக் கொடுங்கள்" என்று பில்லை மட்டும் கையில் தருகிறார். அந்தப் பில்லைக் காட்டியதும் அலுவலகம் தொகையை உங்களிடம் கொடுத்துவிடுகிறது.

ஆறு மாதம் கழித்து, கார்க்காரருக்கு நீங்கள் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்று அலுவலகத்துக்குத் தெரிய வருகிறது. "செலவு செய்ததற்காகத்தான் உங்களுக்குப் பணம் தந்தோம். நீங்கள் இன்னும் செலவே செய்யவில்லையே. திருப்பிக் கொடுங்கள். அவருக்குக் கொடுத்த பிறகு வந்து மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இத்தனை நாள் அவர்கள் பணத்தை வைத்திருந்ததற்குக் கொஞ்சம் வட்டியும் கேட்கிறார்கள்.

இதில் நியாயம் இருக்கிறது. பாதிப் பணம் கொடுத்திருந்தால், கொடுக்காத பாதியை மட்டுமே திருப்பித் தரவேண்டும் என்பதும் நியாயம். ஜிஎஸ்டி விதியும் இதே போக்கில்தான் நடக்கிறது.

உள்ளீட்டு வரி வரவு என்றால்

சரக்கு வாங்கும்போது விற்றவருக்கு நாம் கொடுக்கும் ஜிஎஸ்டியை, நாம் விற்கும்போது அரசுக்குக் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழிவுதான் உள்ளீட்டு வரி வரவு. கடைத்தெருவில் எல்லோரும் இன்புட் என்கிறார்கள். நானும் இனி வரவு என்றே சுருக்கமாக எழுதுகிறேன்.

பில் வந்து, சரக்கும் வந்து, விற்றவர் அதைத் தன் கணக்கில் காட்டி, அது நம் பெயரிலுள்ள பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துக் காட்டும் GSTR-2B பட்டியலில் தெரிந்தால் வரவை எடுத்துக்கொள்ளலாம். விற்றவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. ஏப்ரலில் கடனில் வாங்கிய சரக்குக்கு ஏப்ரல் மாதக் கணக்கிலேயே வரவு கிடைத்துவிடுகிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது: முதலில் கேட்காத நிபந்தனை ஆறு மாதம் கழித்து வந்து நிற்கிறது.

ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2) பிரிவு சொல்வது இது. விற்றவர் பில் போட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் பில்லின் மதிப்பையும் அதன்மேல் உள்ள வரியையும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால், எடுத்த வரவுக்கு ஈடான தொகையை வட்டியோடு செலுத்த வேண்டும். இப்படி எடுத்த வரவை விட்டுத் தருவதைத் திருப்புதல் என்று வைத்துக்கொள்வோம். பணம் கொடுத்த பிறகு அதே வரவை மறுபடி எடுப்பதை மீட்பு என்போம். இரண்டும் எப்படி நடக்க வேண்டும் என்பதை 37ஆம் விதி சொல்கிறது.

"விற்றவர்தான் அந்த வரியை அரசுக்குக் கட்டிவிட்டாரே, என்னிடம் எதற்குக் கேட்கிறார்கள்?" என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆமாம், அவர் கட்டிவிட்டார். நீங்கள் பணம் தராததால் அவருடைய வரிக்கடமை குறையாது. ஆனால் அந்த வரியை இதுவரை சுமந்தவர் அவர்தானே தவிர நீங்கள் இல்லை. சுமக்காத வரிக்குக் கழிவு எடுக்க முடியாது என்பதே விதியின் அடிப்படை. கடனுக்குச் சரக்கைத் தந்துவிட்டு வரியையும் கைப்பணத்திலிருந்து கட்டிய சிறு வியாபாரியின் பக்கம் நின்று பார்த்தால், இந்த விதியை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இதுவரை பார்த்தது: வரவு பில்லின் பேரில் கிடைக்கிறது. அது நிலைத்து நிற்பது 180 நாளுக்குள் பணம் கொடுத்தால்தான். கொடுக்காவிட்டால் திருப்ப வேண்டும், கொடுத்ததும் மீட்கலாம்.

நாளை எண்ணுவது

எண்ணிக்கை பில்லில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்து தொடங்குகிறது. சரக்கு வந்த நாளோ, வரவு எடுத்த நாளோ, "90 நாள் கடன்" என்று வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்ட தவணை முடியும் நாளோ கணக்கில் இல்லை. கணக்கு மென்பொருளில் பாக்கிப் பட்டியலை எடுக்கும்போது, வயதை பில் தேதியிலிருந்து காட்டும்படி வைக்க வேண்டும். தவணைத் தேதியிலிருந்து காட்டும்படி வைத்துவிட்டால் 190 நாளான பில் 100 நாளாகத் தெரியும். இந்த ஒரு அமைப்பினால் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு எண்ணோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். குறு, சிறு தொழில்களிடம் வாங்கியதற்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது வருமான வரியில் செலவைக் கழிப்பது பற்றிய விதி. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது 15 நாள்தான். அந்தக் கடிகாரம் வேறு, 180 நாள் கடிகாரம் வேறு. 45 நாள் தாண்டியதற்காக ஜிஎஸ்டி வரவைத் திருப்ப வேண்டியதில்லை.

பாயின் பில்

இப்போது அந்த ராணிப்பேட்டை பில்லைக் கையில் எடுப்போம். காலணியின் அடிப்பகுதியை ஒட்டும் பசை வாங்கியதற்கான பில் அது. தேதி 2025 ஏப்ரல் 3. மதிப்பு 2,00,000 ரூபாய். 18 சதவீத வரி 36,000, அதாவது மத்திய வரி 18,000, மாநில வரி 18,000. மொத்தம் 2,36,000 ரூபாய்.

ஏப்ரல் மாதக் கணக்கை மே 20 அன்று GSTR-3B என்ற மாத வரிக்கணக்குப் படிவத்தில் தாக்கல் செய்தபோது 36,000 ரூபாய் வரவையும் எடுத்து, அப்போதே வரி கட்டப் பயன்படுத்திவிட்டோம். ஜூலையில் பாய் 1,41,600 ரூபாய் கொடுத்தார். மீதியைக் கொடுக்க முடியவில்லை. அவர் தைத்துக் கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனம் அவருக்குத் தரவேண்டியதை இழுத்தடித்ததே காரணம். இந்தத் தொழிலில் ஒரு சங்கிலிக் கண்ணி நின்றால் பின்னால் இருக்கும் எல்லாக் கண்ணிகளும் நிற்கும்.

ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்து 180 நாள் செப்டம்பர் 30 அன்று முடிந்தது. பாக்கி 94,400 ரூபாய். 180 நாள் முடிந்ததை அடுத்து வரும் வரிக்காலத்தின் கணக்கில் திருப்ப வேண்டும் என்கிறது விதி. இங்கே அது அக்டோபர் மாதம். அக்டோபருக்கான GSTR-3B தாக்கலுக்கு நவம்பர் 20 கடைசி நாள். (180ஆவது நாள் மாதத்தின் நடுவில் விழுந்தால், எச்சரிக்கையான கணக்கர்கள் அந்த மாதக் கணக்கிலேயே திருப்பிவிடுவார்கள். வட்டி கூடாமல் இருக்கும்.)

எவ்வளவு திருப்ப வேண்டும்? கொடுக்காத பங்குக்கு மட்டும்:

```
94,400 ÷ 2,36,000 × 36,000 = 14,400
```

மத்திய வரியில் 7,200, மாநில வரியில் 7,200. கொஞ்சம் பாக்கி இருந்தாலும் முழு 36,000 ரூபாயையும் திருப்ப வேண்டும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். 2022 அக்டோபரில் விதியை மாற்றி எழுதியபோது "பங்கு" என்ற சொல் விடுபட்டுப் போனதால் வந்த குழப்பம் அது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அறிவிக்கை வந்து, கொடுக்காத தொகையின் விகிதத்தில் மட்டும் திருப்பினால் போதும் என்பதை அக்டோபர் முதல் தேதியிலிருந்தே பொருந்தும்படி சரிசெய்துவிட்டது.

வட்டி

ஆண்டுக்கு 18 சதவீதம். எந்த நாளிலிருந்து என்பதில்தான் பேச்சு நீள்கிறது. வரவு எடுத்த நாளிலிருந்து வட்டி என்று பழைய விதியில் ஒரு வரி இருந்தது, 2022 அக்டோபரில் அதை நீக்கிவிட்டார்கள். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவுக்கு, பயன்படுத்திய நாளிலிருந்து வட்டி என்று 88B விதி சொல்கிறது. வரவுக் கணக்கின் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்காதவரை வரவைப் பயன்படுத்தியதாகாது என்றும் அதே விதி விளக்குகிறது. இதையே இங்கும் பொருத்தி, இருப்பு கீழே இறங்காதவருக்கு வட்டியே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதம் முடிந்துபோன ஒன்றல்ல, பெரிய தொகையாக இருந்தால் உங்கள் தணிக்கையாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பாய் வரவை மே 20 அன்றே பயன்படுத்திவிட்டார் என்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. மே 20 முதல் நவம்பர் 20 வரை 184 நாள். 14,400 ரூபாய்க்கு 18 சதவீதத்தில் ஏறக்குறைய 1,307 ரூபாய். வட்டியை வரவிலிருந்து கழிக்க முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். பின்னால் வரவை மீட்கும்போதும் வட்டி திரும்பி வராது. தாமதத்தால் பாய்க்கு நிரந்தரமாகப் போனது இந்த 1,307 ரூபாய் மட்டும்தான்.

சுருக்கமாக: பில் தேதியிலிருந்து எண்ணி, கொடுக்காத பங்குக்கான வரவை மட்டும் திருப்பினோம். வட்டி பணமாகப் போனது. 14,400 ரூபாய் போகவில்லை, காத்திருக்கிறது.

எந்தக் கட்டத்தில் எழுதுவது

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை சட்டம் தெரியாததால் வந்தவை அல்ல, கட்டம் மாறியதால் வந்தவை.

GSTR-3B படிவத்தின் நான்காவது அட்டவணை நான்கு பகுதிகளாக இருக்கிறது. 4(A) என்பது இந்த மாதம் உள்ளே வரும் வரவு. 4(B) என்பது வெளியே போகும் வரவு. 4(C) முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்து வரும் நிகரம், வரவுக் கணக்கில் சேர்வது இதுதான். 4(D) வெறும் தகவல். அதில் எழுதும் எண் எதிலும் கூடுவதும் இல்லை, கழிவதும் இல்லை.

வெளியே போகும் பகுதியில் இரண்டு கதவுகள். 4(B)(1) வழியாகப் போனது திரும்பி வராது. சட்டமே அனுமதிக்காத வரவு, வரிவிலக்குள்ள விற்பனைக்கான பங்கு போன்றவை அங்கே போகும். 4(B)(2) வழியாகப் போனது பிறகு திரும்பலாம். 180 நாள் திருப்புதல் இந்த இரண்டாவது கதவு வழியாகத்தான் போக வேண்டும். பாயின் 7,200, 7,200 ரூபாயை அக்டோபர் கணக்கில் 4(B)(2) கட்டத்தில் எழுதினோம்.

அங்கே எழுதியதும் ஜிஎஸ்டி தளத்தில் தனியே ஒரு பேரேட்டில் அந்தத் தொகை பதிவாகிறது. திரையில் அதன் பெயர் Electronic Credit Reversal and Re-claimed Statement. 2023 ஆகஸ்ட் கணக்கு முதல் அது இருக்கிறது. திரும்பி வரக்கூடியதாக எவ்வளவு வெளியே போயிருக்கிறது, அதில் எவ்வளவு மீண்டது, எவ்வளவு மிச்சம் என்று மூன்றையும் காட்டும். பழக்கதோஷத்தில் 4(B)(1) கட்டத்தில் எழுதிவிட்டால் இந்தப் பேரேட்டில் ஒன்றும் ஏறாது. பிறகு மீட்கப் போகும்போது, இல்லாத இருப்பிலிருந்து எடுக்கிறீர்கள் என்று தளம் எச்சரிக்கும்.

மீட்பு

பாய் 2026 ஜனவரி 12 அன்று மீதி 94,400 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினார். ஜனவரி மாதக் கணக்கிலேயே, அதாவது பிப்ரவரி 20க்குள் தாக்கல் செய்யும் GSTR-3B படிவத்தில், 14,400 ரூபாயை மீட்டோம். அந்தத் தொகையை இரண்டு இடத்தில் எழுத வேண்டும்: அந்த மாதத்தின் மற்ற வரவுகளோடு சேர்த்து 4(A)(5) கட்டத்தில் ஒரு தடவை, தகவலுக்காக 4(D)(1) கட்டத்தில் ஒரு தடவை.

முன்பு ஒரு வாடிக்கையாளருக்கு வேறொருவர் தாக்கல் செய்த கணக்கைச் சரிபார்த்தேன். மீட்ட தொகை 4(D)(1) கட்டத்தில் அழகாக இருந்தது, 4(A)(5) கட்டத்தில் இல்லை. அந்த மனிதர் இரண்டு வருடமாகத் தன் வரவு திரும்பிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒரு ரூபாயும் வரவில்லை. 4(D) கட்டத்தில் எழுதுவது சுவரில் எழுதுவது போல, படிக்கலாம், செலவழிக்க முடியாது.

மீட்புக்குக் கால எல்லை இல்லை என்பது இந்த விதியின் பெரிய ஆறுதல். சாதாரணமாக ஒரு நிதியாண்டின் பில்லுக்கு அடுத்த நவம்பர் 30க்குள் வரவு எடுக்க வேண்டும். பாயின் பில்லுக்கு அது 2026 நவம்பர் 30. ஆனால் ஒருமுறை எடுத்து, திருப்பி, மீட்கும் வரவுக்கு அந்த எல்லை பொருந்தாது என்று 37ஆம் விதியின் நான்காவது உட்பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பாய் 2028இல் பணம் கொடுத்திருந்தாலும் 14,400 ரூபாய் திரும்பியிருக்கும். "நவம்பர் தாண்டிவிட்டது, இனி எடுக்க முடியாது" என்று யாராவது சொன்னால் அந்த உட்பிரிவைக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் திரும்பாது. 94,400 ரூபாய் பாக்கிக்கு விற்றவரிடம் பேசி, "எண்பதாயிரத்தோடு முடித்துக்கொள்வோம், மீதியை விட்டுவிடுங்கள்" என்று தீர்த்துக்கொண்டால், கொடுக்காத அந்த மீதிக்கு உரிய வரவை மீட்க வழியில்லை. அந்தப் பணத்தைக் கொடுக்கவே இல்லையே.

எந்த பில்லுக்குக் கொடுத்தோம்?

நடைமுறையில் இதுதான் முள். பாய் மாதிரி ஆட்கள் பில் பில்லாகப் பணம் கொடுப்பதில்லை. கையில் வரும்போது ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று பொதுவாகக் கொடுப்பார்கள். கணக்கு எழுதுபவர் அதை எந்த பில்லோடும் சேர்க்காமல் விட்டாலோ, புது பில்லோடு சேர்த்தாலோ, பழைய பில் கொடுபடாததாகவே நின்று 180 நாளைத் தாண்டும். தேவையில்லாத திருப்புதலும் தேவையில்லாத வட்டியும் வரும்.

பொதுவாகக் கொடுத்த பணம் எந்தக் கடனில் கழியும் என்பதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பழைய வழி ஒன்று இருக்கிறது. கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று சொன்னால் அதில் கழிய வேண்டும். அவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் முடிவு செய்யலாம். இருவரும் சொல்லாவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். ஆகவே வங்கியில் அனுப்பும்போது குறிப்பில் பில் எண்ணை எழுதிவிடுவது சிறந்த சாட்சி. பாய் இப்போது பில்லின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு தேதியைக் குறித்து வைக்கிறார், 150ஆவது நாள். அந்தத் தேதி நெருங்கும் பில்களைத் தனிக் கிளிப்பில் போட்டு என்னிடம் அனுப்புகிறார். கையில் வரும் பணத்தை முதலில் அந்தக் கிளிப்பில் இருக்கும் பில்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இந்த விதி தொடாதவை

வாங்குபவரே நேராக அரசுக்கு வரி கட்டும் இனங்களுக்கு 180 நாள் கிடையாது. லாரி வாடகைக்குப் பல இடங்களில் அப்படித்தான் கட்டுகிறோம். விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரவே இல்லை என்பதால் திருப்பவும் ஒன்றுமில்லை.

37A என்று இன்னொரு விதி இருக்கிறது, பெயர் ஒட்டியிருப்பதால் பலர் குழம்புகிறார்கள். அது நாம் பணம் கொடுக்காததைப் பற்றியது அல்ல, விற்றவர் தன் GSTR-3B படிவத்தைத் தாக்கல் செய்யாததைப் பற்றியது. நிதியாண்டு முடிந்து செப்டம்பர் 30 வரை அவர் செய்யாவிட்டால், நவம்பர் 30க்குள் நாம் வரவைத் திருப்ப வேண்டும், அவர் செய்த பிறகு மீட்கலாம். 180 நாள் விதியில் மீட்பு நம் கையில் இருக்கிறது, பணத்தைக் கொடுத்தால் போதும். 37A விதியிலோ விற்றவரின் கையைப் பார்த்துத்தான் காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் கணக்குத் தாக்கல் முடிந்ததும் அந்தப் பேரேட்டைத் திறந்து பாய்க்குக் காட்டினேன். வெளியே போனது 14,400, திரும்பியது 14,400, இருப்பு 0. அவர் ராணிப்பேட்டை பில்லைக் கிளிப்பிலிருந்து எடுத்து, பென்சில் தேதியின்மேல் ஒரு கோடு போட்டுக் கோப்பில் வைத்தார்.